தூக்க மாத்திரை போட்ட இரவில் அடுப்பு எரிந்தது எப்படி?

அறுபத்தெட்டு வயது அம்மா ஒருவரை மகள் அழைத்து வந்திருந்தார். காலையில் சமையலறையில் பாதி சாப்பிட்ட தட்டு, அடுப்பில் கருகிய பாத்திரம். அம்மாவுக்கு எதுவுமே நினைவில்லை. மறதி நோயோ என்று மகளுக்குப் பயம். மூன்று வாரமாக இரவில் சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை 10 மி.கி. போடுகிறார் என்பது பேச்சுவாக்கில்தான் தெரிந்தது.

சோல்பிடெம், பழக்கமாகிவிடும் பழைய தூக்க மருந்துகளான பென்சோடயசெபைன் வகை இல்லை. அதனால் பயமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அவற்றைப் போலவே, மூளையை அமைதிப்படுத்தும் காபா ஏற்பியில்தான் வேலை செய்கிறது. உடம்பை விட்டு வேகமாக நீங்கும் என்பது உண்மைதான். அதன் அளவு பாதியாகக் குறைய சுமார் இரண்டரை மணி நேரம் போதும். ஆனால் பெண்களுக்கு இது மெதுவாகவே வெளியேறுகிறது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2013இல் பெண்களுக்கான ஆரம்ப அளவை 10இலிருந்து 5 மி.கி. ஆகக் குறைத்தது. வயதானவர்களுக்கும் 5தான். பாதி விழிப்பில் நடப்பது, சமைப்பது, வண்டி ஓட்டுவது போன்ற சம்பவங்களுக்காக 2019இல் அதன் மிகக் கடுமையான எச்சரிக்கையான கட்டமிட்ட எச்சரிக்கையும் வந்தது. இதே போன்ற தூக்க மருந்தான எஸ்சோபிக்லோனுக்கும் அது பொருந்தும். ஒரு தடவை அப்படி நடந்துவிட்டால் அந்த மருந்தை மறுபடி தொடக் கூடாது.

இந்த அம்மா இரட்டை அளவை, அதுவும் சாப்பிட்ட கையோடு போட்டிருக்கிறார். சோறு இருந்தால் மாத்திரை ஏறத் தாமதமாகும். தூக்கம் வரவில்லையே என்று எழுந்து டிவி பார்ப்பார். அந்த நேரத்தில் மருந்து ஏறும்.

மூன்று வாரம்தான் என்பதால் உடனே நிறுத்தினேன். வருடக்கணக்கில் போடுபவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது, டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

அடுத்து என்ன கொடுப்பது? இரவின் எந்தப் பகுதி கெடுகிறது என்று கேட்டேன். படுத்தால் தூக்கம் வர இரண்டு மணி நேரம், வந்துவிட்டால் விடியும்வரை தூக்கம். ரமெல்டியான் என்ற தூக்க மருந்து இதற்கு ஏற்றது. காபாவைத் தொடாமல், தூக்க ஹார்மோனான மெலடோனினின் ஏற்பிகளைத் தூண்டி, இரவு வந்துவிட்டது என்று மூளைக்குச் சொல்கிறது. பழக்கமாகாது, நடை தடுமாற்றமும் குறைவு. ஆனால் பலம் சுமார்தான், தூக்கம் வரும் நேரத்தைச் சில நிமிடங்களே குறைக்கும். மூன்று மணிக்கு விழித்துக்கொள்பவருக்குப் பெரிதாக உதவாது. அவர்களுக்கு எஸ்சோபிக்லோன் கொஞ்சம் பொருந்தும். ஆனால் அது நீண்ட நேரம் தங்குவதால், காலையில் கழிவறைக்கு எழும் வயதானவர் விழுந்துவிடும் அபாயம் உண்டு. வாயில் கசப்பும் ஒட்டும்.

ரமெல்டியான் 8 மி.கி., படுப்பதற்கு அரை மணி முன், எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட உடனே வேண்டாம் என்றேன். மனச்சோர்வு மருந்தான ஃப்ளுவாக்சமின் சாப்பிடுபவர் இதைப் போடவே கூடாது, ரத்தத்தில் அளவு பல மடங்கு ஏறிவிடும். நல்லவேளை, அவர் அதைச் சாப்பிடவில்லை. எட்டரைக்கே படுப்பதை நிறுத்தி, பத்தரைக்குப் படுக்கச் சொன்னேன்.

முதல் இரண்டு இரவும் தூக்கமே இல்லை. சோல்பிடெமை நிறுத்தினால் அப்படித்தான் இருக்கும், முன்பே சொல்லியிருந்தேன். அப்புறம் முக்கால் மணி நேரத்தில் தூங்கத் தொடங்கினார். "இது அந்த மாத்திரை மாதிரி ஆளை அடிக்கலையே டாக்டர்" என்றார் குறையாக. அடிக்காதுதான் அம்மா, என்றேன்.