வங்கியில் 80 இலட்சம், கையில் எத்தனை மாதம்?

திருகோணமலையில் சிறிய தொண்டு நிறுவனங்களின் கணக்குகளைப் பார்ப்பது என் தொழில். நிர்வாக சபைக் கூட்டங்களில் பொருளாளர் வங்கி மீதியை வாசித்ததும் எல்லோரும் தலையசைத்துவிட்டு அடுத்த விடயத்துக்குப் போவதைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன். அந்த மீதி எத்தனை மாதச் செலவுக்குப் போதும் என்று எவரும் கேட்பதில்லை. கேட்டாலும் பெரும்பாலும் தவறான விடைதான் கிடைக்கிறது. அதனால் ஒரே ஒரு நிறுவனத்தின் கணக்கை எடுத்து முழுமையாக விளக்குகிறேன். பெயரைத் தவிர்த்து, எண்களை முழு இலட்சங்களாக்கியிருக்கிறேன்.

உப்புவெளிப் பக்கம் ஒரு முதியோர் இல்லமும், மூதூர்ப் பக்கம் சில முன்பள்ளிகளும் நடத்தும் நிறுவனம் அது. ஊழியர்கள் 17 பேர். கணக்காய்வு செய்யப்பட்ட அறிக்கையில் ஆண்டின் மொத்தச் செலவு 312 இலட்சம் ரூபாய். அதை 12ஆல் வகுத்தால் மாதத்துக்கு 26 இலட்சம். வங்கியிலும் நிலையான வைப்பிலும் இருந்தது 80 இலட்சம். ஆகவே மூன்று மாதத்துக்குப் போதும் என்று சபை நம்பியிருந்தது. வகுத்த இரண்டு எண்களுமே பிழை.

முதலில் செலவு. 312 இலட்சத்தில் 12 இலட்சம் பெறுமானத்தேய்வு. அது ஏட்டில் எழுதப்படும் செலவு மட்டுமே, பணமாக வெளியே போவதில்லை. 48 இலட்சம் ஒரு நன்கொடையாளர் கொடுத்த பணத்தில் ஒரு முறை கட்டிய கழிப்பறைத் தொகுதி. 72 இலட்சம் வாழ்வாதார உதவியாகப் பயனாளிகளுக்கு அப்படியே கைமாற்றிய பணம். நன்கொடை நின்றால் அந்தச் செலவும் நின்றுவிடும். இவற்றைக் கழித்தால் எஞ்சுவது 180 இலட்சம், அதாவது மாதத்துக்கு 15 இலட்சம். சம்பளம், ஊழியர் சேமலாப நிதி, முதியோரின் உணவு, மருந்து, மின்சாரம், வாடகை எல்லாம் இதற்குள் அடங்கும். கதவைத் திறந்து வைத்திருப்பதற்கு மாதாமாதம் தேவைப்படும் தொகை இதுதான். வருமானம் தடைப்படும் காலத்துக்கென வைத்திருக்கும் ஒதுக்கு நிதியை இதை வைத்தே அளக்க வேண்டும்.

அடுத்தது கையிருப்பு. 80 இலட்சத்தில் 44 இலட்சம் வெளிநாட்டு நன்கொடையாளர் குறிப்பிட்ட திட்டத்துக்கென அனுப்பி, இன்னும் செலவாகாத பணம். நம் கணக்கில் கிடந்தாலும் அதை வேறு தேவைக்குத் தொட முடியாது. இன்னொரு கடன் எந்த அறிக்கையிலும் தெரியவில்லை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் உள்ள இடத்தில் ஐந்து ஆண்டுகள் நிறைவு செய்தவர் விலகும்போது, நிறைவான ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். இங்கே அந்தத் தகுதி பெற்றவர்களுக்கான பொறுப்பு ஏறத்தாழ 9 இலட்சம். அதற்கென எதுவும் ஒதுக்கப்படவில்லை. இரண்டையும் கழித்தால் எஞ்சுவது 27 இலட்சம். மாதம் 15 இலட்சம் என்ற கணக்கில் அது இரண்டு மாதத்துக்குக் கூடப் போதாது, 1.8 மாதம்தான்.

ஒதுக்கு நிதியின் இலக்கு எத்தனை மாதச் செலவு என்று கேட்டால் ‘மூன்று முதல் ஆறு’ என்று பலரும் சொல்வார்கள். அந்த விடையை நான் சபைக்குக் கொண்டுபோவதில்லை. ஏன் மூன்று, ஏன் ஆறு என்று ஓர் உறுப்பினர் கேட்டால் அதற்குப் பதில் கிடையாது. பதில் நிறுவனத்தின் பழைய வங்கிக் கூற்றுகளில்தான் இருக்கிறது. இந்த நிறுவனத்தின் மாத வருமானத்தில் 9 இலட்சம் வெளிநாட்டு நன்கொடையாளரிடமிருந்தும், 6 இலட்சம் உள்ளூரிலிருந்தும் வருகிறது. ஐந்து ஆண்டுக் கூற்றுகளைப் புரட்டினால், வெளிநாட்டுத் தவணை அதிகபட்சமாக நான்கு மாதம் தாமதித்திருந்தது. உள்ளூர் வருமானமும் ஆண்டு முழுவதும் ஒரே அளவாக இல்லை. நிலாவெளி, உப்புவெளி விடுதிக்காரர்கள் தரும் மாதச் சந்தா, வடகீழ்ப் பருவமழை தொடங்கிச் சுற்றுலாப் பயணிகள் குறைந்ததும் சுருங்கிவிடுகிறது. மீனவர் குடும்பங்கள் முன்பள்ளிக் கட்டணம் செலுத்தவும் அந்த மாதங்களில்தான் சிரமப்படுகிறார்கள். அப்போது உள்ளூர் வரவு 4 இலட்சமாக இறங்குகிறது.

தவணையின் நான்கு மாதத் தாமதம் அந்த மாதங்களிலேயே விழுந்தால், மாதப் பற்றாக்குறை 15இலிருந்து 4 போக 11 இலட்சம். நான்கு மாதத்துக்கு 44 இலட்சம். அதன் முடிவில் அந்த நன்கொடை இனி வராது என்று தெரிந்தால், முதியோரை வேறு இல்லங்களில் ஒழுங்காகச் சேர்க்கவும், ஊழியருக்கு முன்னறிவித்தல் கொடுக்கவும் இன்னொரு முழு மாதச் செலவு, 15 இலட்சம். மொத்தம் 59 இலட்சம். நான்கு மாதச் செலவான 60 இலட்சத்தை இலக்காக வைத்தது இப்படித்தான். அதோடு இரண்டு மாதச் செலவான 30 இலட்சத்தைக் கீழ் எல்லையாக வைத்தோம். கையிருப்பு அதற்குக் கீழே போனால் சபை உடனடியாகக் கூட வேண்டும்.

சபைக்குக் கொடுத்தது ஒரே ஒரு பக்கம். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே அது உறுப்பினர்களின் கையில் இருந்தது. மேலே நிறைவேற்ற வேண்டிய தீர்மானம், கீழே நான் இங்கே சொன்ன மூன்று கணக்குகள். விகிதங்களையும் வரைபடங்களையும் சேர்க்கவில்லை. உறுப்பினர்களில் ஓய்வுபெற்ற அதிபரும் இருப்பார், கடைக்காரரும் இருப்பார். ‘நன்கொடை நின்றால் எத்தனை மாதம் இல்லத்தை நடத்தலாம்’ என்று எழுதினால் இருவருக்கும் உடனே புரியும்.

மூன்று கேள்விகள் எழுந்தன. ஒருவர், “தருமத்துக்கு வந்த பணத்தைச் சேர்த்து வைத்தால் நன்கொடையாளர் என்ன நினைப்பார்கள்?” என்று கேட்டார். இலக்கும் அதன் காரணமும் எழுத்தில் இருந்தால், குவித்து வைக்கிறார்கள் என்ற சந்தேகத்துக்கு அதுவே விடை. உச்ச அளவு தெரியாத சேமிப்புத்தான் சந்தேகத்தை வளர்க்கும். இன்னொருவர், காணி வாங்கிப் போடலாமே என்றார். காணி பெறுமதி ஏறலாம், ஆனால் இந்த மாதச் சம்பளத்துக்காக அடுத்த வாரமே அதை விற்க முடியாது. மூன்றாமவர், 60 இலட்சம் என்று தொகையாகவே எழுதினால் போதாதா என்றார். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டதை அவருக்கு நினைவூட்டினேன். ரூபாயில் எழுதிய இலக்கு அப்படியே நிற்கும்போது, அது தாங்கும் மாதங்கள் சத்தமில்லாமல் கரைந்துபோகும். மாதமாக எழுதினால் ஒவ்வோர் ஆண்டும் புதிய செலவை வைத்துத் தொகையைத் திருத்தியே ஆக வேண்டும்.

இன்றைய விலையில் பற்றாக்குறை 33 இலட்சம். திட்ட நன்கொடையிலிருந்து அதை நிரப்ப முடியாது. நிபந்தனையற்ற வருமானத்தில் மிஞ்சுவது மட்டுமே வழி. மண்டப வாடகையும் பொது நன்கொடைகளும் சேர்ந்து ஆண்டுக்கு 6.6 இலட்சம் ஒதுக்க முடிந்தால் ஐந்து ஆண்டுகள் எடுக்கும். செலவு ஏறினால் இன்னும் நீளும். அதையும் அந்தப் பக்கத்தில் மறைக்காமல் எழுதினோம்.

தீர்மானத்தில் வேறு சில நிபந்தனைகளும் சேர்ந்தன. ஒரு மாதச் செலவு சேமிப்புக் கணக்கில் இருக்கும். மீதி வெவ்வேறு திகதிகளில் முதிரும் மூன்று மாத வைப்புகளில் இருக்கும், ஏனென்றால் முதிர்வுக்கு முன் எடுத்தால் வட்டி குறையும். சபையின் மூன்றில் இரண்டு பங்கினர் இணங்கினால்தான் பணத்தை எடுக்கலாம். எடுத்ததை எப்போது, எதிலிருந்து திருப்பி வைப்பது என்பதையும் அதே கூட்டத்தில் பதிய வேண்டும். ஒரே காரணத்துக்காக அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் கைவைக்க நேர்ந்தால், அது தற்காலிகத் தட்டுப்பாடு அல்ல. நிறுவனத்தின் வழக்கமான செலவே வருமானத்தை மிஞ்சிவிட்டது, அப்போது வரவு செலவுத் திட்டத்தையே திருத்த வேண்டும்.

சபை முதல் ஆண்டுக்கான இலக்காக 30 இலட்சத்தை, அதாவது கீழ் எல்லையைத் தாண்டுவதை மட்டும் ஏற்றுக்கொண்டது. பொருளாளரின் மாதாந்த அறிக்கையில் வங்கி மீதிக்குக் கீழே இப்போது இன்னொரு வரி இருக்கிறது: திட்டப் பணமும் பணிக்கொடையும் நீங்கலாக, எஞ்சியிருப்பது இத்தனை மாதம்.