ஒலிபெயர்ப்பு – சொல் விளக்கம்

ஒரு மொழியில் உள்ள பெயரை இன்னொரு மொழியின் எழுத்தில் எழுதுவதை ஆங்கிலத்தில் ‘டிரான்ஸ்லிட்டரேஷன்’ என்பார்கள். லத்தீனில் ‘டிரான்ஸ்’ என்றால் கடந்து, ‘லிட்டெரா’ என்றால் எழுத்து. நேர்ப்பொருள் பார்த்தால் ‘எழுத்துப்பெயர்ப்பு’ என்றுதான் வரும். அந்தச் சொல்லும் வழக்கில் உண்டு. ஆனால் செய்தி அறிக்கையை மொழிபெயர்ப்பவருக்கு ‘ஒலிபெயர்ப்பு’ என்பதே பொருந்தும் என்பேன், ஏனென்றால் அவர் பெயர்ப்பது எழுத்தை அல்ல, ஒலியை.

இதற்கு நல்ல சான்று இரண்டு பெயர்கள். அறிவியலாளர் ஹாக்கிங்கின் முதற்பெயரும் கூடைப்பந்து வீரர் கரியை அழைக்கும் பெயரும் ஆங்கிலத்தில் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. ஒலியோ வேறு: அவர் ஸ்டீவன், இவர் ஸ்டெஃபன். எழுத்தைப் பார்த்து முடிவு செய்தால் ஒருவருக்காவது பெயர் தவறிவிடும். ஆகவே பெயருக்குரியவர் எப்படிச் சொல்கிறார் என்பதை அறிக்கை அனுப்பியவரிடம் முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

அயற்சொல்லைத் தமிழெழுத்துக்கு உள்ளாக்குவது புதிய வேலையல்ல. ‘வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ’ என்று, அதாவது வடவெழுத்தை நீக்கி எழுதும்படி, தொல்காப்பியமே வழி சொல்கிறது. கிரந்த எழுத்தையும் ‘ஃப’வையும் ஏற்பதா விடுவதா என்பது அவரவர் நடைக்கொள்கை. எதை ஏற்றாலும் அறிக்கை முழுவதும் அதுவே நிற்க வேண்டும். தலைப்பில் ‘ஸ்டீஃபன்’, உடலில் ‘ஸ்டீபன்’, படக்குறிப்பில் ‘ஸ்டீவன்’ என்றிருந்தால் வாசகர் மூன்று பேர் என்று எண்ணிக்கொள்வார்.

திருத்தும்போதுதான் பெரும்பாலும் பிழை தங்கிவிடுகிறது. ‘ஸ்டீபன்’ என்று தேடி ‘ஸ்டீவன்’ என்று மாற்றினால், ‘ஸ்டீபனை’, ‘ஸ்டீபனுக்கு’, ‘ஸ்டீபனால்’ ஆகியவை அப்படியே நின்றுவிடும். கணினியில் ‘ன்’ என்பது ‘ன’வும் புள்ளியுமாகச் சேமிக்கப்படுகிறது. உருபு ஏறியதும் புள்ளி போய் அந்த இடத்தில் உயிர்க்குறி வந்துவிடுகிறது. ஆகவே புள்ளியை விட்டு ‘ஸ்டீபன’ என்று தேடி ‘ஸ்டீவன’ என்று மாற்றினால் பெரும்பாலான மென்பொருள்களில் எல்லா வடிவங்களும் ஒருசேரத் திருந்தும். மாற்றிய பிறகு ‘ஸ்டீப’ என்று மட்டும் ஒருமுறை தேடிப் பார்த்தால் விடுபட்டது தெரிந்துவிடும்.

வணிகப் பெயர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. கட்டுரையில் ‘முகநூல்’ என்று எழுதுவது அழகுதான், நானும் விரும்புகிறேன். ஆனால் நிறுவனம் வெளியிடும் அறிக்கையில் பதிவுபெற்ற பெயரைப் பொருள்பெயர்க்கக் கூடாது. ‘ஃபேஸ்புக்’ என்று ஒலிபெயர்ப்பதே முறை. ‘மைக்ரோசாஃப்ட்’ போல வல்லின மெய்யில் முடியும் பெயருக்கு உருபேற்ற வடிவத்தையும் சேர்த்தே முடிவு செய்துகொள்ள வேண்டும். ‘மைக்ரோசாஃப்டின்’ என்றும் ‘மைக்ரோசாஃப்ட்டின்’ என்றும் இரண்டையும் அச்சில் காண்கிறோம். டகரம் இரட்டிக்கும் வடிவமே எனக்கு உகந்தது, அதில் மூலப்பெயர் சிதையாமல் நிற்கிறது. ‘மைக்ரோசாஃப்ட்-ன்’ என்று இடைக்கோடு போட்டு எழுதுவதை அறவே தவிர்க்கலாம். அப்படி எழுதியதை வாய்விட்டுப் படிக்கவே முடியாது.