ஒரே தடவை அனுப்பினால் 40 கணினிக்கும் போகுமா?

லேபில் 40 கணினிகள். எல்லாவற்றிலும் 12 ஜிபி இன்ஸ்டாலர் ஒன்றைப் போட வேண்டும். சர்வரில் வைத்து ஆளாளுக்குக் காப்பி செய்துகொள்ளச் சொன்னால், அதே 12 ஜிபி சர்வரின் ஒற்றை ஜிகாபிட் கேபிள் வழியாக 40 முறை போயாக வேண்டும். விநாடிக்கு 110 எம்பி கிடைத்தாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

மல்டிகாஸ்டில் சர்வர் ஒரே தடவைதான் அனுப்பும். பாக்கெட்டில் தனிக் கணினியின் முகவரிக்குப் பதிலாக ஒரு குழுவின் முகவரி இருக்கும். பிரதி எடுத்து ஒவ்வொரு போர்ட்டுக்கும் கொடுப்பது ஸ்விட்சின் வேலை. 40 கணினிக்கும் சேர்த்தே இரண்டு நிமிடம்தான், ஹார்ட் டிஸ்க் ஈடுகொடுத்தால். லினக்ஸில் udpcast என்ற கருவி இருந்தால் இவ்வளவுதான்:

```
udp-sender --file lab.iso --min-receivers 40
udp-receiver --file lab.iso
```

முதல் வரி சர்வரில், இரண்டாவது மற்ற கணினிகளில். 40 பேரும் வந்து சேர்ந்ததும் அனுப்புதல் தானாகத் தொடங்கும்.

இங்கே யுடிபி என்ற அனுப்பும் முறை பயன்படுவதால், வழியில் பாக்கெட் தொலைந்தால் அதை மறுபடி அனுப்ப யுடிபியில் ஏற்பாடு கிடையாது. அதனால் udpcast ஃபைலைத் துண்டு துண்டாக அனுப்புகிறது. ஒரு துண்டு எல்லாரிடமும் முழுதாக வந்ததா என்று கேட்டு, விட்டுப்போனதைத் திரும்ப அனுப்பிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும். ஆக, மொத்த லேபும் மிக மெதுவான கணினியின் வேகத்தில்தான் நடக்கும்.

இதில் நான் ஒரு மதியத்தைத் தொலைத்திருக்கிறேன். இரண்டு நிமிட வேலை, விநாடிக்கு 11 எம்பி என்று ஊர்ந்தது. ஒவ்வொரு கணினியாக `ethtool eth0` கொடுத்துப் பார்த்தால், ஒன்றில் மட்டும் `Speed: 100Mb/s`. ஜிகாபிட்டுக்குக் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100க்கு வேண்டாத ஜோடி ஒன்று போனால், இணைப்பு பெரும்பாலும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். மற்ற 39 பேரும் அந்த ஒருவருக்காகக் காத்திருந்தார்கள்.

அதோடு விடவில்லை. நாலரை நிமிடம் வாக்கில் எல்லாமே நின்றது. யார் எந்தக் குழுவில் இருக்கிறார்கள் என்று அந்த ஸ்விட்ச் குறித்துவைத்துக்கொள்ளும். இதற்கு ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் என்று பெயர். ஆனால் "இன்னும் இருக்கிறீர்களா?" என்று அவ்வப்போது கேட்க நெட்வொர்க்கில் ஒரு குவெரியர் வேண்டும். யாரும் கேட்காவிட்டால், வழக்கமான அமைப்பில் 260 விநாடியில் பட்டியல் காலாவதியாகிவிடும். கேபிள் நன்றாக இருந்திருந்தால் அதற்குள் வேலை முடிந்திருக்கும், இந்தக் கோளாறு வெளியே தெரிந்தே இருக்காது. கேபிளை மாற்றி, ஸ்விட்சில் குவெரியரை இயக்கியதும் சரியானது.

பாதியில் வருபவருக்குத்தான் மல்டிகாஸ்ட் உதவாது. கணினிகள் வெவ்வேறு நேரத்தில் ஆன் ஆகும் லேப் என்றால் டோரண்ட் நல்லது. முதலில் வாங்கிய கணினிகளே துண்டுகளை அடுத்தவருக்குக் கொடுக்கும். மெதுவான கணினி தன்னை மட்டும்தான் தாமதப்படுத்திக்கொள்ளும். வைஃபையில் இரண்டுமே சொதப்பல். மல்டிகாஸ்டை ஆக்சஸ் பாயிண்ட் பெரும்பாலும் மிகக் குறைந்த வேகத்தில்தான் அனுப்பும். டோரண்டிலோ பக்கத்து லேப்டாப்புக்குப் போகும் துண்டுகூட ஆக்சஸ் பாயிண்ட்டுக்கு ஏறி, அங்கிருந்து இறங்கி, அதே அலைவரிசையை இரண்டு முறை பிடித்துக்கொள்ளும். அங்கே கேபிள் இழுப்பதுதான் வழி.