‘ஓமோன் சொறி’ என்றொரு சொறி

இந்த மாதத்தில் மூன்றாவது தடவை இந்தப் பெயர் காதில் விழுந்துவிட்டது. இம்முறை கோண்டாவிலில், ஒழுங்கைக்குள் இருக்கும் ஓர் அக்கா வீட்டில். மாமரத்தடிச் சீமெந்தில் அவர் வீட்டு நாய் ஜிம்மி படுத்திருந்தது. இரண்டு பக்கமும், விலா முடிந்து தொடை தொடங்கும் இடத்தில், உள்ளங்கையை வைத்து அளந்தது போல மயிர் இல்லை. இடப்பக்கம் எப்படியோ வலப்பக்கமும் அப்படியே. தோல் கறுத்து, கடதாசி போல மெலிந்து, உள்ளே ஓடும் நரம்பு தெரிந்தது. தலையிலும் காலிலும் மயிர் நிறைந்துதான் இருந்தது.

“ஓமோன் சொறியாம், தம்பி.”

“எந்த நேரம் கூடச் சொறியிறவன்?”

“அவன் சொறியிறதே இல்லை. தெள்ளுக் கடிச்ச காலத்திலதான் சொறிஞ்சவன், அது எப்பவோ.”

“பிறகேன் அக்கா சொறி எண்டு சொல்லுறியள்?”

“மயிர் கொட்டுண்டால் சொறிதானே?”

இல்லை. அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மருத்துவர்கள் எழுதும் சொல் அலொப்பீசியா. கிரேக்கத்தில் ‘அலொபெக்ஸ்’ என்றால் நரி. தோல்நோய் பிடித்து மயிர் போன நரியைப் பார்த்து வைத்த பெயர். மயிர் போனது என்பதற்கு மேல் இன்று அந்தச் சொல் எதையும் சொல்வதில்லை. ஏன் போனது என்று அது வாய் திறக்காது. நமக்கும் அப்படி வாய் திறக்காத ஒரு சொல்தான் வேண்டும். கையில் கிடப்பவையோ எல்லாம் வாயாடிகள்.

‘வழுக்கை’யை முதலில் ஒதுக்கிவிடலாம். வழுக்கும்படி மழமழப்பாக இருப்பது வழுக்கை. இளநீருக்குள் இருப்பதும் வழுக்கை, மழைக்கு மட்டும் ஓடும் நம் ஆறும் வழுக்கையாறு. மனிதத் தலைக்கு அது பொருந்தும். ஆனால் வழுக்கை என்றதும் ‘இனி வராது’ என்றுதான் கேட்பவர் மனதில் படும், நாயின் இந்த நோயிலோ காரணத்தைப் பிடித்துவிட்டால் பெரும்பாலும் மயிர் திரும்பி வரும். ‘புழுவெட்டு’ வட்டம் வட்டமாகப் போவதற்கு உரிய பெயர், அதுவும் ஆகாது. ஒரு துண்டுப்பிரசுரத்தில் ‘இருதரப்புச் சமச்சீர் முடியிழப்பு’ என்று பார்த்தேன். இருதரப்பு! நாயின் இடப்பக்கமும் வலப்பக்கமும் பேச்சுவார்த்தைக்கா போகின்றன? மொழிபெயர்த்தவர் அகராதியில் முதலாவதாகக் கிடந்த பொருளை எடுத்துப் போட்டுவிட்டு எழுந்து போயிருக்கிறார். உடம்பில் இருப்பது பக்கம். இருபக்கம் என்றால் முடிந்தது. ‘முடி’ என்பதிலும் எனக்கு மனவருத்தம் உண்டு. தலைக்கு மேல் முடிவது முடி, அரசன் வைப்பது முடி. நாயின் விலாவில் இருப்பது மயிர். ‘மயிர்நீப்பின் வாழாக் கவரிமா’ என்று குறளில் கூசாமல் வரும் சொல்லை நாம் ஏன் கூச்சப்பட்டு ஒளிக்கவேண்டும்?

இவையெல்லாம் அழகுக் குறைகள், பொறுத்துக்கொள்ளலாம். ‘சொறி’ அப்படியல்ல. சொறிதல் என்ற வினையிலிருந்து வந்த பெயர் அது. தினவு எடுக்கிறது, நகத்தால் கீறுகிறது, அந்தக் கீறலில் மயிர் போகிறது என்று ஒரு முழுக் கதையையும் அந்த இரண்டு எழுத்து சொல்லிவிடுகிறது. ஓமோனால் மயிர் போகும் நாயின் கதை நேர்மாறானது. அங்கே பொதுவாகத் தினவு இல்லை. தெள்ளும் உண்ணியும் கடித்தால் நாய் சொறியும் இடத்தில்தான் மயிர் போகும், அது பெரும்பாலும் இடம் வலம் பார்க்காது. ஓமோன் இரத்தத்தில் கலந்து இரண்டு பக்கமும் ஒரே அளவில் போகிறது, ஆகவே குறையும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தெரிகிறது. ‘ஓமோன் சொறி’ என்பவர் தினவில்லாத் தினவு என்றுதான் சொல்கிறார்.

சொல்தானே என்று விடமுடியாதபடி ஜிம்மிக்கு நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் தெள்ளு வந்து உண்மையாகவே சொறிந்தது. வேப்பெண்ணெய் பூசினார்கள். வாகனத்தில் கழித்த ஒயில் பூசச் சொல்லி ஒருவர் புத்தி சொல்ல, நல்லகாலம் அக்கா கேட்கவில்லை. நாய் அதை நக்கினால் நஞ்சு. பிறகு ஒருவர் ‘சொறி ஊசி’ போட்டார். இரண்டு நாளில் சொறிவது நின்றது. அது நீண்ட நாள் வேலை செய்யும் ஸ்டீரொயிட் ஊசி. மாதம் ஒருமுறை தொடர்ந்தது. சில மாதத்தில் இரண்டு பக்கமும் மயிர் கொட்டத் தொடங்கியது. ‘சொறி கூடிவிட்டது’ என்று மறுபடி ஊசி. மயிரைக் கொட்டவைத்ததே அந்த ஊசிதான். பெயர் சொறியாக இருந்ததால் சொறிக்கான மருந்தே திரும்பத் திரும்பப் போனது. நாய் சொறிகிறதா என்று எவரும் கேட்கவில்லை.

கேட்டவர் கடைசியாகப் பார்த்த மிருக வைத்தியர். அவர் நேரே ஓமோனுக்குப் போகவில்லை. முதலில் தோலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் வைத்தார், ஏனென்றால் மயிர்க்கண்ணுக்குள் குடியிருக்கும் டெமோடெக்ஸ் என்ற சிற்றுண்ணி தினவே இல்லாமலும் மயிரைக் கொட்டும். அது இல்லை. அடுத்து ஓரத்தில் நாலு மயிரைப் பிடுங்கி நுனியைப் பார்த்தார். நக்கியும் சொறிந்தும் போன மயிரின் நுனி முறிந்திருக்கும். ஜிம்மியின் மயிர் இழுத்தவுடனே வந்தது, நுனி ஊசி போலக் கூர்மையாக இருந்தது. தானாக விழுந்த மயிர்.

இந்த இடத்தில் தமிழிலக்கணம் துணைக்கு வருகிறது. உதிர்தல் தன்வினை, உதிர்த்தல் பிறவினை. பழுத்த இலை உதிரும், காற்று அதை உதிர்க்கும். மயிர் உதிர்ந்ததா, நாய் உதிர்த்ததா என்பதுதான் வைத்தியர் அந்த நுனியில் பார்த்தது. அதனால் நான் சொல்வது: இருபக்க மயிருதிர்வு. ‘தினவில்லாத’ என்று முன்னால் சேர்த்தால் இன்னும் தெளிவு. நம் ஊர்வழக்கில் தினவைக் ‘கடி’ என்போம், ஆனால் ‘கடியில்லாத நாய்’ என்று எழுதினால் வாசிப்பவர் பயமில்லாமல் கையை நீட்டிவிடுவார்.

சரி, மிச்சப் பரிசோதனைக்கு வருவோம். விதைகள் இரண்டும் இறங்கியிருக்கின்றனவா, ஒன்று பெருத்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். இறங்காத விதையில் வரும் ஒருவகைக் கட்டி பெண் ஓமோனைச் சுரந்து, கடுவனுக்கு முலைக்காம்பு பெருத்து இப்படி மயிரும் போகலாம். அதுவும் இல்லை. பிறகு இரத்தம் எடுத்து, தைரொயிட் சுரப்பியின் ஓமோனான தைரொக்சினின் அளவைப் பார்க்க அனுப்பினார். குறைவு என்று வந்தது.

பலர் இந்த இடத்தில்தான் விழுகிறார்கள். நடுவயது நாய், இருபக்கமும் மயிரில்லை, தைரொக்சின் குறைவு, ஆகவே தைரொயிட்டுக் குறைபாடு, ஆகவே வாழ்நாள் முழுக்கக் குளிசை. ஆனால் தைரொக்சின் வேறு நோயிலும் குறையும், ஸ்டீரொயிட் போட்டாலும் குறையும். தைரொயிட்டைத் தூண்டும் கபச்சுரப்பியின் ஓமோன் கூடியிருந்தால் நம்பலாம். ஜிம்மிக்கு அது கூடவில்லை. தைரொயிட்டுக் குறைபாடுள்ள நாய்களிலும் சிலவற்றுக்கு அது கூடாமல் இருப்பதுண்டு, ஆகவே அந்த எண்ணை மட்டும் வைத்தும் முடிவுகட்ட முடியாது. (கபச்சுரப்பி என்ற பெயரைக் கவனியுங்கள். மூளையிலிருந்து மூக்குக்குக் கபம் வடிப்பது அதுதான் என்று மேல்நாட்டார் ஒருகாலத்தில் நம்பி வைத்த பெயர். நம் பாடநூற்காரர் அந்தப் பிழையையும் விடாமல் மொழிபெயர்த்தார்கள். இவ்வளவு விசுவாசம் நாயிடம்கூட இல்லை.)

வைத்தியர் எண்ணை விட்டு நாயைப் பார்த்தார். தைரொயிட்டுக் குறைந்த நாய் மந்தமாகும், கொழுக்கும், வெயிலைத் தேடிப் படுக்கும், ஆனால் பொதுவாகத் தண்ணீரை வாளி வாளியாகக் குடிக்காது. “எவ்வளவு குடிக்கிறான் எண்டு அளந்து பாருங்கோ” என்று அக்காவை அனுப்பினார். ஒரு கிலோ நிறைக்கு நாளொன்றுக்கு 100 மில்லிலீற்றருக்கு மேல் குடித்தால் கூடுதல். ஜிம்மி 14 கிலோ, ஆகவே எல்லை 1.4 லீற்றர். சோடாப் போத்தலால் அளந்து ஊற்றிய அக்கா இரண்டு லீற்றரைத் தாண்டியதும் பயந்துபோனார். வயிறும் மத்தளம் போலத் தொங்கியது, பசியும் அடங்காது. இவை உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீரொயிட்டான கோட்டிசோல் கூடியதன் அடையாளங்கள்.

கோட்டிசோல் இரண்டு வழியில் கூடலாம். கபச்சுரப்பியிலோ, கோட்டிசோலைச் சுரக்கும் அதிரீனற் சுரப்பியிலோ கட்டி வந்து நாயே கூடுதலாகச் சுரப்பது ஒன்று. ஊசியாக வெளியிலிருந்து அதே வகைச் சரக்கு வருவது மற்றது. வெளியில் பார்க்க இரண்டும் ஒன்றுதான். பிரிப்பதற்கு ஒரு தூண்டல் பரிசோதனை உண்டு: முதலில் இரத்தம், பிறகு அதிரீனலைத் தூண்டும் ஊசி, ஒரு மணி நேரத்தில் மறுபடி இரத்தம். நாயே சுரந்தால் இரண்டாவது அளவு பெரும்பாலும் துள்ளி ஏறும். ஜிம்மிக்கு இரண்டு அளவும் தரையோடு கிடந்தன. வெளியிலிருந்து மாதாமாதம் வந்ததால் அதன் சொந்தச் சுரப்பி நித்திரையாகிவிட்டது.

அதனால் ஸ்டீரொயிட்டை ஒரேயடியாக நிறுத்தவும் முடியாது. நித்திரையான சுரப்பி எழும்பும் முன் நிறுத்தினால் நாய் சத்தியெடுத்து, சோர்ந்து விழும், உயிருக்கும் ஆபத்து. ஊசியை விட்டு, சிறிய அளவில் குளிசை கொடுத்து, அதைக் கிழமைக் கணக்கில் குறைத்துக் கொண்டுவந்தார். தெள்ளுக்குத் தனி மருந்து. தண்ணீர் குடிப்பதுதான் முதலில் குறைந்தது. இரண்டரை மாதத்தில் திரும்பப் பார்த்தபோது தைரொக்சின் சரியாகியிருந்தது. தைரொயிட்டுக் குளிசை தேவைப்படவேயில்லை.

என் சொல்லுக்கும் ஒரு குறை இருப்பதை மறைக்கக்கூடாது. மயிர் எந்த நாய்க்கும் உதிரும், உதிர்ந்த இடத்தில் புதியது முளைக்கும். இங்கே கெட்டது உதிர்வு அல்ல, முளைப்பு. ஓமோன் பிழைத்தால் மயிர்க்கண் ஓய்வில் நின்றுவிடும். படுத்துத் தேய்படும் இடத்தில் பழையது விழுந்து புதியது வராமல் போகும். ‘முளையாமை’ என்றால் இன்னும் சரி. ஆனால் அந்தச் சொல்லைச் சொல்லி எவரையும் வைத்தியரிடம் அனுப்ப முடியாது. பயற்றை விதைத்தவன் கமக்காரனிடம் சொல்லும் முறைப்பாடு போல இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவது உதிர்வுதான், அதுவே இருக்கட்டும்.

போன கிழமை அந்த ஒழுங்கையால் போனேன். ஜிம்மியின் இரண்டு பக்கமும் கோழிக்குஞ்சுத் தூவி போல மென்மயிர் மூடியிருந்தது, பழையதைவிடக் கொஞ்சம் கறுப்பு. அக்கா படலையடியில் நின்று சந்தோசமாகக் கூப்பிட்டார்.

“தம்பி, பாத்தியளே! சொறி மாறீட்டுது.”