மார்ச் 31 அன்று மட்டும் கடன் குறையும் கம்பெனிகள்

ஓய்வுக்காலப் பணத்தைக் கம்பெனிக் கடன்பத்திரத்தில் போட்டுவிட்டு, வட்டி நின்ற பிறகு ஆண்டறிக்கையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "ஆடிட்டர் கையெழுத்துப் போட்டிருக்காரே சார்!"

போட்டிருக்கிறார். அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. பேலன்ஸ் ஷீட்டின் தலைப்பைப் படித்தீர்களா? "மார்ச் 31 அன்று இருந்தபடி" என்றுதான் இருக்கும். அன்று கடன் 40 கோடி என்று வங்கி எழுதிக் கொடுத்தால் 40 கோடிதான் கணக்கில் ஏறும். பிப்ரவரியில் அது 130 கோடியாக இருந்ததா, ஏப்ரல் 5-இல் எவ்வளவு என்பதெல்லாம் அந்தத் தாளின் வேலை இல்லை. ஆடிட்டர் தருவது, கணக்கில் பெரிய பிழை இல்லை என்பதற்கான நியாயமான உறுதி. கம்பெனி நல்ல கம்பெனி, பணம் திரும்பி வரும் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. இல்லாத வங்கி இருப்பை இருப்பதாகக் காட்டியதாக 2009-இல் வெளிவந்த சத்யம் விவகாரம் மோசடி. நான் சொல்வது, உண்மையான எண்களை வைத்தே செய்யும் ஒப்பனை.

மார்ச் கடைசி வாரத்தில் நடப்பது இதுதான். வாடிக்கையாளர்களுக்குத் தள்ளுபடி கொடுத்துப் பாக்கியை முன்கூட்டியே வசூலிப்பார்கள். சரக்குக் கொடுத்தவர்களிடம் "ஏப்ரலில் பார்க்கலாம்" என்பார்கள். சேர்ந்த பணத்தை, வேண்டும்போது எடுத்துத் திரும்பக் கட்டும் கேஷ் கிரெடிட் என்ற வங்கிக் கடன் கணக்கில் கட்டிவிட்டு, ஏப்ரலில் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

ஆனால் வட்டி வருஷம் முழுக்க ஓடியிருக்கும், அதை ஒரு நாளில் மறைக்க முடியாது. ஓர் உதாரணம்: போன மார்ச்சிலும் கடன் 40 கோடி, இந்த மார்ச்சிலும் 40 கோடி. லாப நட்டக் கணக்கில் வட்டிச் செலவு 12 கோடி. அதாவது 30 சதவீதம். எந்த வங்கி அந்த வட்டிக்குக் கடன் தருகிறது? 10 சதவீதம் என்று வைத்தால், சராசரியாக 120 கோடி கடன் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். அதே வருஷம் சரக்கு வாங்கிய பாக்கியும் திடீரென ஏறியிருந்தால் சந்தேகம் இன்னும் பலமாகும்.

உடனே பாயவும் வேண்டாம். வட்டிச் செலவுக்கான குறிப்பைப் பிரித்துப் பாருங்கள். குத்தகை வட்டி, வங்கிக் கட்டணங்கள் உள்ளே இருக்கலாம். சீசன் தொழிலில் மார்ச் மாதக் கடன் இயல்பாகவே குறைவாக இருக்கலாம்.

இது சின்னக் கம்பெனி வேலை என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ், 'ரெப்போ 105' என்ற ஏற்பாட்டில் பத்திரங்களை அடகு வைத்துப் பணம் வாங்கி, அதை விற்பனையாகக் கணக்கெழுதி, அந்தப் பணத்தில் காலாண்டு முடிவில் கடனைக் குறைத்துக் காட்டியது. சில நாளில் பத்திரங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டது. 2008-இன் இரண்டாம் காலாண்டு முடிவில் இப்படி மறைந்தது ஏறக்குறைய 5,000 கோடி டாலர். அந்தக் கணக்கையும் பெரிய ஆடிட் நிறுவனம் ஒன்றுதான் பார்த்தது.

அடுத்தது லாபத்தை ஏற்றுவது. மார்ச்சில் டீலர்களின் தலையில் சரக்கைத் தள்ளி, "விற்றபிறகு பணம் கொடு" என்பார்கள். பில் போட்டாயிற்று, விற்பனை ஏறிவிட்டது. விற்பனை 100 கோடியிலிருந்து 130 கோடி, லாபம் 10-லிருந்து 14. எல்லோரும் கைதட்டுவார்கள். வர வேண்டிய பாக்கியைப் பாருங்கள்: 20 கோடி, 45 கோடியாகியிருக்கிறது. அதாவது 73 நாள் விற்பனை வசூலாகாமல் நின்றது போய், இப்போது 126 நாள் நிற்கிறது. பணப்புழக்க அறிக்கையில், தொழிலிலிருந்து வந்த பணம் மைனஸ் 6 கோடி. லாபம் 14 கோடி, கையில் வந்தது மைனஸ்! ஒரு வருஷம் இப்படி வரலாம், வேகமாக வளரும் கம்பெனிக்கு வரவும் செய்யும். தொடர்ந்து மூன்று வருஷம் வந்தால் அந்த லாபத்தை நம்பாதீர்கள்.

2021 ஏப்ரல் முதல், பாக்கி எத்தனை காலமாக நிற்கிறது என்ற வயது அட்டவணையும் குறிப்புகளில் வருகிறது. நல்லதுதான். ஆனால் மார்ச் பில் அதில் "ஆறு மாதத்துக்குள்" என்ற கட்டத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். அதனால் அதை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள்.

தேய்மானக் குறிப்பையும் ஒரு தடவை பாருங்கள். லாபம் சரிய வேண்டிய வருஷத்தில் இயந்திரத்தின் ஆயுட்காலத்தை மட்டும் நீட்டி, வருஷத் தேய்மானச் செலவைக் குறைத்திருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

தலைவர் உரையையும் வண்ணப் படங்களையும் தள்ளிவிட்டு, பின்பக்கம் உள்ள குறிப்புகளிலிருந்து படிக்க ஆரம்பியுங்கள். கணக்கு மே மாதம் வந்தால், ஜூன் காலாண்டு முடிவு ஆகஸ்ட் 14-க்குள் வந்துவிடும். தள்ளிய சரக்கு திரும்பியிருந்தால் அந்தக் காலாண்டு விற்பனை, போன ஜூனைவிடச் சரிந்து காட்டிக்கொடுக்கும். கடன் திரும்ப ஏறியதா என்பது செப்டம்பர் 30 பேலன்ஸ் ஷீட்டில் தெரியலாம், அங்கேயும் இதே ஒப்பனை நடந்திருக்காவிட்டால். தயவுசெய்து, பத்திரம் வாங்கும் முன் அதுவரையாவது பொறுங்கள்.