பாலிசி ஒன்று, ஒப்பந்தம் இரண்டு

பெரிய தொழிற்சாலை ஒன்றின் தீ விபத்துக் காப்பீட்டை இரண்டு நிறுவனங்கள் பங்கிட்டு ஏற்கும்போது, தொழிற்சாலையின் கைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் ஒரே ஒரு பாலிசிதான். அதன் முதல் பக்கத்தில் ஒரு நிறுவனத்தின் பெயரும் முத்திரையும் இருக்கும். இன்னொரு நிறுவனத்தின் பெயரைத் தேடினால், பின்னிணைப்பில் உள்ள ஒரு சிறிய அட்டவணையில் 40 சதவீதம் என்ற எண்ணுக்குப் பக்கத்தில் காணலாம். காப்பீட்டுத் தரகராக நான் கையாண்ட இழப்பீட்டுக் கோரிக்கைகளில் மிகவும் இழுபறியான சில, அந்த அட்டவணையின் பொருளை யாரும் ஊன்றிப் படிக்காததால் வந்தவை. அவற்றில் ஒன்றை இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், கோ-இன்சூரன்ஸ் எனப்படும் இணைக் காப்பீடு என்ற சொல்லுக்கு ஒரு விளக்கம். மருத்துவக் காப்பீட்டில் நோயாளி தன் பங்காகச் செலுத்தும் சதவீதத்தையும் கோ-இன்சூரன்ஸ் என்கிறார்கள். சொத்தின் மதிப்பைக் குறைத்துக் காட்டினால் இழப்பீட்டை அதே விகிதத்தில் குறைக்கும் விதிக்கும் சில நாடுகளில் அதே பெயர் வழங்குகிறது. நான் பேசுவது இவை இரண்டையும் பற்றி அல்ல. ஒரே சொத்தை, ஒரே காலத்துக்கு, ஒரே நிபந்தனைகளில் இரண்டு காப்பீட்டு நிறுவனங்கள் விகிதம் பிரித்து ஏற்றுக்கொள்ளும் இணைக் காப்பீட்டைப் பற்றியே பேசுகிறேன்.

இதில் பெரிய பங்கை ஏற்கும் நிறுவனமே பொதுவாக முதன்மை நிறுவனமாகிறது. தொழிலில் லீடர் என்போம். பாலிசியை அச்சிடுவது, முழுப் பிரீமியத்தையும் வாங்கி மற்ற நிறுவனத்தின் பங்கை அனுப்புவது, பாலிசியில் செய்யும் மாற்றங்களைப் பதியும் இணைப்புத் தாளான எண்டார்ஸ்மெண்டை வழங்குவது, இழப்பு நேர்ந்தால் அதை மதிப்பிடும் சர்வேயரை நியமிப்பது ஆகிய எல்லாம் அதன் வேலை. இந்தப் பணிக்காக மற்ற நிறுவனத்தின் பிரீமியப் பங்கிலிருந்து ஒரு சிறு நிர்வாகக் கட்டணத்தையும் அது பிடித்துக்கொள்வதுண்டு. எல்லாக் கடிதங்களும் ஒரே இடத்திலிருந்து வருவதால், லீடரே முழு இழப்புக்கும் பொறுப்பு என்ற எண்ணம் தொழிற்சாலையில் தானாகவே வேர் பிடித்துவிடுகிறது. உண்மை அதுவல்ல. ஒவ்வொரு நிறுவனமும் தன் பங்குக்கு மட்டுமே பொறுப்பு. ஒன்று பணம் தராவிட்டாலோ நொடித்தே போனாலோ, அந்தப் பங்கை மற்றொன்று ஏற்க வேண்டியதில்லை. மறுகாப்பீட்டில், காப்பீடு வழங்கிய நிறுவனம் முழுத் தொகைக்கும் நம்மிடம் பொறுப்பேற்றுவிட்டுத் தன் சுமையைப் பின்னணியில் வேறொருவரிடம் இறக்கி வைக்கிறது. இணைக் காப்பீட்டில் நமக்கு இருப்பது இரண்டு தனித்தனி ஒப்பந்தங்கள். அவை ஒரே தாளில் அச்சாகியிருக்கின்றன, அவ்வளவுதான்.

இனி அந்தக் கோரிக்கை. தொகைகளைக் கோடிக் கணக்கில், எளிய எண்களாக மாற்றித் தருகிறேன். எந்த நாணயமானாலும் கணக்கு ஒன்றுதான். தொழிற்சாலையின் மொத்தக் காப்பீட்டுத் தொகை 200 கோடி. லீடரின் பங்கு 60 சதவீதம், பின்தொடரும் நிறுவனத்தின் பங்கு 40 சதவீதம். ஒவ்வோர் இழப்பிலும் முதல் 2 கோடியைத் தொழிற்சாலையே ஏற்க வேண்டும். பாலிசி தொடங்கிய நான்காம் மாதத்தில், தனிக் கட்டடத்தில் 40 கோடி மதிப்புள்ள புதிய இயந்திரப் பிரிவு ஒன்றை நிறுவினார்கள். லீடருக்குக் கடிதம் போயிற்று, கூடுதல் பிரீமியம் கட்டப்பட்டது, காப்பீட்டுத் தொகையை 240 கோடியாக உயர்த்தி எண்டார்ஸ்மெண்டும் வந்தது. அதில் லீடரின் கையொப்பம் மட்டுமே இருந்தது. அன்று அது யார் கண்ணையும் உறுத்தவில்லை, என் கண்ணையும்தான்.

ஏழாம் மாதத்தில் தீ பிடித்தது. மறுநாள் காலையிலேயே லீடருக்குத் தகவல் கொடுத்தார்கள், சர்வேயரும் தாமதமின்றி வந்தார். முதல் ஆய்வு முடிந்ததும், தொழிற்சாலை மீண்டும் இயங்கத் தொடங்குவதற்காக 10 கோடியை முன்பணமாகத் தரலாம் என்று அவர் பரிந்துரைத்தார். சில நாட்கள் கழித்துத் தொழிற்சாலையின் நிதி மேலாளர் என்னை அழைத்தார். "சார், பத்து கோடின்னு சர்வேயர் எழுதியிருக்காரு. பேங்க்ல ஆறுதான் வந்திருக்கு. மிச்சத்தை யாரு பிடிச்சு வச்சிருக்காங்க?"

யாரும் பிடித்து வைத்திருக்கவில்லை. லீடர் தன் 60 சதவீதத்தைக் கொடுத்துவிட்டது. மற்ற 4 கோடி இன்னொரு நிறுவனத்திலிருந்து வர வேண்டியது. லீடரே முழுத் தொகையையும் கொடுத்துவிட்டுப் பிறகு தங்களுக்குள் வசூலித்துக்கொள்ளும் ஏற்பாடு சில பாலிசிகளில் உண்டு, இதில் இல்லை. இங்கிருந்த பின்தொடர் விதி, லீடரின் தீர்வுகளை மற்ற நிறுவனம் ஏற்கும் என்று முதல் வரியில் சொல்லிவிட்டு, மொத்த இழப்பு 5 கோடியைத் தாண்டினால் அதன் எழுத்துபூர்வ முன்சம்மதம் தேவை என்று இரண்டாம் வரியில் வரம்பு கட்டியிருந்தது. பின்தொடர் விதி எல்லாப் பாலிசியிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சிலவற்றில் லீடரின் முடிவு மற்ற நிறுவனத்தை முழுமையாகக் கட்டுப்படுத்தும். சிலவற்றில் லீடர் வெறும் ஒருங்கிணைப்பாளர் மட்டுமே. பாலிசி விதிகளுக்கு வெளியே நல்லெண்ணத்தின் பேரில் தரும் தொகைக்கு, பின்தொடர் விதி இருந்தாலும் தனிச் சம்மதம் கேட்பது வழக்கம். ஆகவே, லீடரின் முடிவு எந்தத் தொகை வரை மற்றவரைக் கட்டுப்படுத்தும் என்பதே அந்த விதியில் படிக்க வேண்டிய இடம்.

பின்தொடரும் நிறுவனத்தின் கடிதம் வந்தபோது சிக்கல் தாமதத்தோடு நிற்கவில்லை. தங்கள் பதிவேட்டில் காப்பீட்டுத் தொகை 200 கோடி என்றே இருப்பதாகவும், புதிய இயந்திரப் பிரிவை ஏற்றதாக எந்தப் பதிவும் இல்லை என்றும் எழுதியிருந்தார்கள். கூடவே, இரு நிறுவனங்களுக்கும் இடையே கையெழுத்தான இணைக் காப்பீட்டு உடன்பாட்டின்படி, காப்பீட்டுத் தொகையை 10 சதவீதம் வரை உயர்த்தவே லீடருக்குத் தனி அதிகாரம் உண்டு என்றும் சுட்டிக்காட்டினார்கள். 200 கோடிக்கு 40 கோடி என்பது 20 சதவீதம். அந்த உடன்பாட்டைத் தொழிற்சாலை பார்த்ததே இல்லை. அது நிறுவனங்களுக்கு இடையிலான ஆவணம். காப்பீடு எடுத்தவருக்குப் பிரதி கொடுக்கும் பழக்கம் அரிது.

இதன் விலை என்ன என்பதைச் சர்வேயரின் இறுதி அறிக்கையை வைத்துக் கணக்கிட்டோம். பழைய பகுதியில் இழப்பு 20 கோடி, புதிய பிரிவில் 12 கோடி, ஆக 32 கோடி. தொழிற்சாலை ஏற்க வேண்டிய 2 கோடியைக் கழித்தால் 30 கோடி. லீடரின் பங்கு 18 கோடி, மற்ற நிறுவனத்தின் பங்கு 12 கோடி. ஆனால் புதிய பிரிவு தங்களுக்குப் பொருந்தாது என்ற அவர்களின் வாதப்படி, 20 கோடியிலிருந்து 2 கோடி போக மிஞ்சும் 18 கோடியில்தான் 40 சதவீதம், அதாவது 7.2 கோடி. இடைவெளி 4.8 கோடி. லீடர் தன் 18 கோடியை முழுதாகக் கொடுத்தாலும் இந்தப் பள்ளத்தை நிரப்பும் கடமை அதற்கு இல்லை. எண்டார்ஸ்மெண்டைச் சரியாக அனுப்பாத அலட்சியத்துக்காக அதன் மீது வழக்குத் தொடுக்கலாமே என்று தொழிற்சாலையின் வழக்கறிஞர் கேட்டார். தொடுக்கலாம்தான்; ஆனால் அது பாலிசியின் கீழ் வரும் கோரிக்கையாக இராது, நீண்ட தனி வழக்காகவே இருக்கும்.

அதற்கிடையில் இன்னொரு கண்ணி காத்திருந்தது. லீடர் தன் பங்கை விடுவிப்பதற்காக டிஸ்சார்ஜ் வவுச்சரை அனுப்பியது. பணம் பெற்றுக்கொண்டதற்கும் கோரிக்கை முடிந்ததற்கும் நாம் கையொப்பமிட்டுத் தரும் தாள் அது. தொகை 18 கோடி என்றும், இந்தப் பாலிசியின் கீழ் உள்ள அனைத்துக் கோரிக்கைகளுக்கும் முழுமையான இறுதித் தீர்வாக அதைப் பெற்றுக்கொள்வதாகவும் அச்சடித்திருந்தது. பாலிசி ஒன்றுதான் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அந்த வாசகத்தில் அப்படியே கையொப்பமிட்டிருந்தால், முழுக் கோரிக்கையும் 18 கோடியில் முடிந்துவிட்டது என்று மற்ற நிறுவனம் வாதிட நாமே இடம் கொடுத்ததாகும். வாசகத்தைத் திருத்தி, லீடரின் 60 சதவீதப் பங்குக்கு மட்டும், மற்ற நிறுவனத்தின் மீதான கோரிக்கைக்குப் பாதகம் இல்லாமல் பெற்றுக்கொள்வதாக எழுதித் தரும்படி கேட்டோம். லீடர் மறுக்கவில்லை. அவர்கள் ஒரே நிறுவனம் ஏற்கும் பாலிசிக்கான வழக்கமான படிவத்தையே எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். தீய நோக்கம் எதுவும் இல்லை என்றே நினைக்கிறேன்.

4.8 கோடிப் பிரச்சினை தீர்ந்தது சட்ட வாதத்தால் அல்ல, கணக்குப் புத்தகத்தால். லீடரின் கோப்பைத் தோண்டியபோது, எண்டார்ஸ்மெண்டின் பிரதி மின்னஞ்சலில் அனுப்பப்பட்டதும், அதைப் பெற வேண்டிய அதிகாரி அப்போதே வேறு கிளைக்கு மாறிப் போயிருந்ததும் தெரிந்தது. அதைவிட முக்கியமாக, கூடுதல் பிரீமியத்தின் 40 சதவீதம், நிர்வாகக் கட்டணம் போக, அடுத்த மாதக் கணக்கறிக்கையில் பல பாலிசிகளுக்கு நடுவே ஒரு வரியாகப் போயிருந்தது. அதில் எண்டார்ஸ்மெண்டின் எண்ணும் இருந்தது. பின்தொடரும் நிறுவனம் அந்த மொத்தத் தொகையை வாங்கி வரவு வைத்திருந்தது. வரி வரியாகப் பொருத்திப் பார்க்கத்தான் ஆள் இல்லை. பிரீமியத்தை மூன்று மாதம் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பிரிவுக்குப் பாதுகாப்பு தரவில்லை என்று சொல்வது எந்த நிறுவனத்துக்கும் கடினம். அவர்கள் இறங்கி வந்தார்கள். ஆயினும் தங்கள் மறுகாப்பீட்டாளருக்கு விளக்கம் கொடுத்து ஒப்புதல் வாங்க மேலும் பல வாரங்கள் பிடித்தன. இரு நிறுவனங்களும் தங்கள் பங்குக்குத் தனித்தனியே மறுகாப்பீடு வைத்திருக்கும் என்பதால், ஒரே இழப்புக்கு இரண்டு வரிசைகளில் காத்திருக்க வேண்டியதாகிறது.

இதே போன்ற விரிசல் உருவாகிறதா என்பதை இழப்புக்கு முன்பே கண்டுபிடிக்கச் சில தடயங்கள் உண்டு. எண்டார்ஸ்மெண்டில் பங்கு விகிதம் மீண்டும் குறிப்பிடப்படாமல், மற்ற நிறுவனத்தின் ஒப்புதல் எண்ணும் இல்லாமல் வந்தால், உடனே கேட்க வேண்டும். இழப்புக்குப் பிறகு சர்வேயரின் கடிதங்கள் லீடருக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தால், மற்ற நிறுவனம் இன்னும் கோப்பைத் திறக்கவே இல்லை என்று கொள்ளலாம். லீடருக்குத் தகவல் கொடுத்தால் இருவருக்கும் கொடுத்ததாகும் என்று பாலிசி வெளிப்படையாகச் சொல்லாதவரை, விபத்து அறிவிப்பை முதல் நாளே இருவருக்கும் அனுப்புவது நல்லது. ஒரு மின்னஞ்சல் முகவரியைக் கூடுதலாகச் சேர்க்கும் வேலைதான் அது.

அந்தத் தொழிற்சாலையின் அடுத்த ஆண்டுப் புதுப்பித்தலில் விகிதம் அப்படியே 60-க்கு 40 ஆகத் தொடர்ந்தது. பின்தொடர் விதியின் வரம்பை 5 கோடியிலிருந்து 25 கோடியாக உயர்த்தக் கேட்டோம். 15 கோடிக்கு ஒப்புக்கொண்டார்கள். எண்டார்ஸ்மெண்ட் வழங்கும் விஷயத்தில் லீடருக்கு உள்ள அதிகார வரம்பைப் பாலிசியிலேயே அச்சிட வைத்தோம். அதைத் தாண்டும் மாற்றம் எதுவானாலும், மற்ற நிறுவனத்தின் ஒப்புதல் கடிதம் கைக்கு வரும்வரை புதிய இயந்திரத்தைக் காப்பீட்டில் சேர்ந்ததாக நிதி மேலாளர் தன் பட்டியலில் எழுதுவதில்லை.