மார்ச் 5 எப்படி மே 3 ஆகிறது?

பினாங்கு லிட்டில் இந்தியாவில் மசாலாப் பொருள்களை மொத்த விலைக்கு விற்கும் ஒரு கடையில், வாடிக்கையாளர்களுக்கு 30 நாள் கடன் கொடுப்பது வழக்கம். அங்கே கணக்கு எழுதும் பெண், 2024 மார்ச் மாத பில் பட்டியலைக் கல்லாக் கணினியிலிருந்து சிஎஸ்வி கோப்பாக எடுத்து, எக்செலில் திறந்து, ஒவ்வொரு பில் தேதியோடும் 30 கூட்டிப் பணம் வரவேண்டிய நாளைக் கணக்கிட்டார். பாதிக்கு மேற்பட்ட வரிகளில் `#VALUE!` என்ற பிழை வந்தது. மற்றவற்றில் தேதிகள் வந்தன, ஆனால் அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் அவர் எனக்குத் தொலைபேசியில் பேசினார்: "அண்ணே, மார்ச் மாசத்துப் பில்லுக்கு அடுத்த வருஷம் ஜனவரியிலயா காசு வரும்?"

பிழை காட்டிய வரிகளைவிட, பிழை காட்டாத வரிகளே ஆபத்தானவை. ஏன் என்று புரிய, விரிதாள் தேதியை எப்படி வைத்திருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

எக்செலின் கட்டத்துக்குள் தேதி என்று தனியாக ஒன்றும் கிடையாது, எண்தான் உண்டு. 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்து, அங்கிருந்து நாள்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தால், 2024 மார்ச் 5-இன் எண் 45356. நேரம் அந்த எண்ணின் பின்னமாகச் சேரும்; அன்று நண்பகல் 12 மணி என்றால் 45356.5. திரையில் தெரியும் 05/03/2024 என்பது அந்த எண்ணுக்கு மாட்டிய சட்டை மட்டுமே. கட்டத்தின் வடிவமைப்பை General என்று மாற்றினால், சட்டை கழன்று எண் வெளியே தெரியும்.

இப்படி வைப்பதற்குக் காரணம், மாதங்களின் நீளம் ஒன்றுபோல் இல்லாததுதான். கூட்டலும் கழித்தலும் எண்களுக்குத்தான் எளிது. 45356-உடன் 30 கூட்டினால் 45386, அதாவது ஏப்ரல் 4. மார்ச்சுக்கு 31 நாள் என்பதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. 45356-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 3; ஞாயிற்றுக்கிழமைக்கு மீதி 1 என்று கொண்டால், அது செவ்வாய்க்கிழமை. தேதிகளை எழுத்தாகவே வைத்திருந்தால் வரிசைப்படுத்துவதுகூடக் கெட்டுவிடும், ஏனென்றால் எழுத்து வரிசையில் 05/03/2024 என்பது 25/02/2024-க்கு முன்னால் போய் நிற்கும்.

இந்த எண்ணிக்கையில் ஒரு பழைய பிசகும் உண்டு. 1900 லீப் ஆண்டு அல்ல. ஆனாலும் எக்செல் அந்த ஆண்டு பிப்ரவரி 29-க்கு 60 என்ற எண்ணைக் கொடுத்து, இல்லாத ஒரு நாளை எண்ணுகிறது. அன்று சந்தையை ஆண்ட லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாள் மென்பொருள் அப்படித்தான் எண்ணியது; அதன் கோப்புகள் மாறாமல் திறக்க வேண்டும் என்பதற்காகப் பிழையும் கூடவே ஏற்கப்பட்டது. 1900 மார்ச்சுக்குப் பிந்தைய தேதிகளுக்கு இதனால் தொல்லை இல்லை. 1900-க்கு முந்தைய தேதிகளுக்கோ எண்ணே கிடையாது. ஆகவே 1890-களின் தோட்டப் பதிவேடு ஒன்றை எக்செலில் ஏற்றுபவருக்கு, அந்தத் தேதிகள் வெறும் எழுத்தாகவே நிற்கும்.

இனி கடைக்கு வருவோம். சிஎஸ்வி கோப்பில் எண், தேதி என்ற பாகுபாடு எதுவும் இல்லை. காற்புள்ளியால் பிரித்த எழுத்துகள் மட்டுமே உண்டு. அதை இருமுறை சொடுக்கித் திறக்கும்போது, தேதிபோல் தோன்றும் ஒவ்வொன்றையும் எக்செல் தானாக எண்ணாக மாற்றப் பார்க்கிறது. நாள் முதலா, மாதம் முதலா என்பதைக் கோப்பைப் பார்த்து அது தீர்மானிப்பதில்லை. கணினியின் வட்டார அமைப்பைப் பார்த்தே தீர்மானிக்கிறது. மலேசியாவில் நாம் நாளை முதலில் எழுதுகிறோம். கடையின் மடிக்கணினியோ, வாங்கிய நாளிலிருந்தே English (United States) அமைப்பில் இருந்தது.

எனவே 05/03/2024 என்பதை அது மே 3 என்று படித்து 45415 என்று பதிந்துகொண்டது. 25/03/2024-ஐப் படித்தபோது 25-ஆம் மாதம் என்று ஒன்று இல்லாததால், கைவிட்டு எழுத்தாகவே வைத்துவிட்டது. எழுத்தோடு 30-ஐக் கூட்ட முடியாது, அதனால்தான் `#VALUE!`.

மார்ச் மாதம் முழுவதையும் எடுத்துப் பார்த்தால் கணக்கு தெளிவாகும். 13 முதல் 31 வரையிலான 19 நாள்களும் எழுத்தாக நிற்கின்றன. 1 முதல் 12 வரையிலானவற்றில், 03/03/2024 எப்படிப் படித்தாலும் ஒன்றே என்பதால் தற்செயலாகத் தப்புகிறது. மீதி 11 நாள்களும் சத்தமில்லாமல் இடம் மாறிவிடுகின்றன. மாறியவை எல்லாம் ஏதோ ஒரு மாதத்தின் 3-ஆம் தேதியில்தான் போய் விழும்: மார்ச் 1 ஜனவரி 3 ஆகும், மார்ச் 12 டிசம்பர் 3 ஆகும். அந்த டிசம்பர் 3-உடன் 30 கூட்டியபோது வந்ததுதான் அடுத்த ஆண்டு ஜனவரி 2. ஒரே மாதத்துப் பட்டியலில் ஒவ்வொரு மாதமும் 3-ஆம் தேதி மட்டும் வியாபாரம் நடந்ததுபோல் தெரிந்தால், வேறு சான்று தேவையில்லை.

இன்னொரு அடையாளம் கண்ணுக்கே தெரியும். யாரும் சீரமைப்பை மாற்றாதவரை, எண் கட்டத்தின் வலப்புறம் ஒட்டும், எழுத்து இடப்புறம் ஒட்டும். ஒரே தேதிப் பத்தியில் இரண்டும் கலந்து கிடந்தால் பாதி வேலை கெட்டிருக்கிறது என்று பொருள்.

மூலக் கோப்பு கையில் இல்லாதபோது, அதே கணினியில் இந்தச் சூத்திரம் உதவும்:

```
=IF(ISNUMBER(A2),
 DATE(YEAR(A2),DAY(A2),MONTH(A2)),
 DATE(RIGHT(A2,4),MID(A2,4,2),LEFT(A2,2)))
```

எண்ணாக இருப்பவற்றில் நாளையும் மாதத்தையும் இது இடம் மாற்றுகிறது; எழுத்தாக இருப்பவற்றைத் துண்டாக்கித் தேதியாகக் கோக்கிறது. ஆனால் பத்தி முழுவதும் ஒரே தடவையில், ஒரே கணினியில் திறந்ததாக இருக்க வேண்டும். நடுவில் யாராவது இரண்டு வரிகளைக் கையால் திருத்தியிருந்தால், சரியானவற்றை இதே சூத்திரம் தவறாக்கிவிடும்.

மூலக் கோப்பு இருந்தால் மறுபடி ஏற்றுவதே மேல். எக்செல் வடிவமைப்பை மாற்றிப் பயனில்லை. கட்டத்தில் இப்போது இருப்பது 45415 மட்டுமே, கோப்பிலிருந்த எழுத்து அப்போதே தொலைந்துவிட்டது. அதைவிடக் கெடுதல், திறந்த கோப்பை அதே பெயரில் சிஎஸ்வியாகச் சேமிப்பது. அப்போது திரையில் தெரிந்தபடியே எழுதப்பட்டு, மூலமும் போய்விடும்.

அன்று நல்லவேளையாக அவர் எதையும் சேமித்திருக்கவில்லை. Data பட்டியிலுள்ள From Text/CSV வழியாகக் கோப்பைக் கொண்டுவந்து, வகையைத் தானாகக் கண்டறிவதை நிறுத்த Do not detect data types என்பதையும் அடுத்து Transform Data-வையும் தேர்ந்து, தேதிப் பத்தியின் தலைப்பில் வலச்சொடுக்கி, Change Type, Using Locale என்று போய், Date வகையையும் English (Malaysia) வட்டாரத்தையும் கொடுத்தோம். ஏற்றி முடித்ததும் `COUNT` பில்களின் எண்ணிக்கையோடு பொருந்தியது. `MIN` மார்ச் 1-ஐயும் `MAX` மார்ச் 30-ஐயும் காட்டின. மார்ச் 31 ஞாயிற்றுக்கிழமை, கடை திறக்கவில்லை.